கப்பல் சீட்டில் கையெழுத்துப் போடுமுன்...

சென்ற மாதம் ஒரு மாலை வேளையில், திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளி பஸ் ஏறி விழுப்புரத்தில் உள்ள சங்க அலுவலகத்துக்கு வந்தார். கூடவே அவருடைய மகனும் வந்திருந்தான். வயது இருபத்துநாலு. தகப்பனார் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் ஏழு பக்கக் காகிதம். எல்லாம் இங்கிலீஷில்.

“பையன் கப்பலுக்குப் போறானுங்க. நாளைக்கழிச்சு கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். இதுலே என்ன எழுதியிருக்குதுன்னு ஒரு தரம் படிச்சுச் சொல்லுங்க தோழரே” என்றார்.

பையன் இதற்கு முன் இரண்டு கப்பலில் வேலை பார்த்தவன். இப்போது ‘ஏபிள் சீமேன்’ என்ற தேர்ந்த மாலுமி. சம்பளம் மாதம் 1,100 டாலர் என்று ஏஜெண்டு சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை நம்பி, வீட்டுப் பசுவை விற்று, மனைவியின் தோட்டை அடகு வைத்து, மூன்று லட்சம் ரூபாயை ஏஜெண்டிடம் கொடுத்திருக்கிறார் தகப்பனார். ரசீது இல்லை.

அந்த ஏழு பக்கங்களையும் அன்றிரவு உட்கார்ந்து படித்தோம். படித்ததை அவருக்குச் சொன்னதுபோலவே இங்கே எழுதுகிறோம். ‘கப்பல் சமாச்சாரம் நமக்கு எதற்கு?’ என்று மில் தொழிலாளியோ, வயலில் இறங்கும் தொழிலாளியோ கேட்க வேண்டாம். மழை பொய்த்து, ஆலை மூடி, வேறு வழியில்லாமல் கடலுக்குப் போகிறவர்கள் நம்முடைய பிள்ளைகளே. மேலும், அந்தக் காகிதத்தில் இருக்கும் தந்திரம் ஒவ்வொன்றும் நாம் கரையில் பார்த்துப் பழகிய தந்திரமே.

முதலில் ஒரு விஷயம். கப்பல் தொழிலாளிக்கென்று சர்வதேசச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2006-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அது. 2013 ஆகஸ்டில் அமுலுக்கு வந்தது. இந்திய சர்க்கார் 2015 அக்டோபரில் அதை ஏற்றுக்கொண்டது. வேலை ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும், என்னென்ன இருக்கக் கூடாது என்பதை அது சொல்கிறது. ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்பே தொழிலாளியிடம் கொடுத்து, படித்துப் பார்க்கவும் யோசனை கேட்கவும் அவகாசம் தர வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. ஆகவே, காகிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்த தகப்பனார் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. தன் மகனுடைய உரிமையைத்தான் பயன்படுத்தினார்.

இனி சம்பளத்தைப் பார்ப்போம்.

1,100 டாலர் என்று ஏஜெண்டு சொன்னது பொய்யல்ல. காகிதத்திலும் மொத்தம் 1,100 என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த 1,100 எதனால் ஆனது? அடிப்படைச் சம்பளம் 450. மாதம் 104 மணி நேர ஓவர்டைமுக்கு 281. மீதி 369, ‘இதர படிகள்’. மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் போட்டு, படிகளைக் கூட்டிக் காட்டுவது முதலாளியின் பழைய கணக்கு. மொத்தம் பெரிதாகத் தெரியும். ஆனால் பிராவிடண்டு பண்டு, கிராஜுவிடி என்று வரும்போது அடிப்படையைத்தானே எடுத்துக் கணக்குப் போட்டு வந்தார்கள்!

கப்பலிலும் அதே கதைதான். வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்தால் மாதம் 208 மணி நேரம். 450-ஐ 208-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு இரண்டு டாலர் பதினாறு சென்ட். ஓவர்டைமுக்கு அதைவிடக் கால் பங்கு கூடுதல். அதாவது இரண்டு டாலர் எழுபது சென்ட். அடிப்படை சிறியதாக இருந்தால் ஓவர்டைம் கூலியும் சிறியதாகிறது. விடுமுறைச் சம்பளமும் அதோடு சுருங்குகிறது. காயம்பட்டுப் படுத்தால் வரும் சம்பளமும் சுருங்குகிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இந்த 450 நியாயமா? தேர்ந்த மாலுமிக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைக் கப்பல் முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் கூடிப் பேசி நிர்ணயிக்கிறார்கள். 2025-ல் அது 673 டாலர். 2026 ஜனவரி 1 முதல் 690 டாலர். இந்தப் பையனின் காகிதத்தில் 450! 690 என்று போட்டிருந்தால் அதே 104 மணி ஓவர்டைமுக்கு 281-க்குப் பதில் 431 டாலர் வந்திருக்கும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த 690 உடன்படிக்கையின் வழிகாட்டும் பகுதியைச் சேர்ந்தது. கட்டாயப் பகுதியைச் சேர்ந்ததல்ல. காகிதத்தைக் காட்டி, ‘நீ சட்டத்தை மீறிவிட்டாய்’ என்று அந்த ஒரு எண்ணுக்காக மட்டும் கப்பலை நிறுத்திவிட முடியாது. அதைக் கட்டாயமாக்குவது எது? சங்கம் முதலாளியோடு போடும் கூட்டு ஒப்பந்தம். அந்தக் கூட்டு ஒப்பந்தம் எது என்று வேலை ஒப்பந்தத்திலேயே குறிப்பிட வேண்டும். இந்தப் பையனின் காகிதத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. காலியிடத்தின் அர்த்தம் நமக்குத் தெரியாதா? சங்கம் இல்லாத ஆலையில் முதலாளி வைத்ததே கூலி.

ஓவர்டைம் விஷயத்தில் இன்னும் ஒரு சொல். மாதம் 104 மணிக்கு மேல் வேலை வாங்கினால் அதற்குத் தனிக்கூலி உண்டா என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும். வேலைக்கும் வரம்பு உண்டு: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி, எந்த ஏழு நாளிலும் 77 மணி ஓய்வு என்பது ஒரு கணக்கு. ஓய்வு நேரப் பதிவின் நகல், கையெழுத்தோடு மாலுமிக்குத் தரப்பட வேண்டும். காகிதத்தில் ஓய்வு, மேல்தளத்தில் வேலை என்று பொய்க் கணக்கு எழுதுவது சகஜம். ஆகவே ஒரு சின்ன நோட்டில் தினமும் வேலை நேரத்தைத் தானே குறித்துக்கொள் என்று பையனுக்குச் சொன்னோம். பக்கத்துப் புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30-ல் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். மணிக் கணக்கு நமக்கு ரத்தக் கணக்கு. அதை இன்னொருவன் எழுத விடலாமா?

அடுத்தது ஒப்பந்த காலம்.

‘பத்து மாதம், கம்பெனியின் விருப்பப்படி மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம்’ என்று எழுதியிருந்தது. பத்தும் இரண்டும் பன்னிரண்டு. உடன்படிக்கைப்படி ஒரு மாலுமி ஊர் திரும்பும் உரிமை பெறுமுன் கப்பலில் இருக்கும் காலம் பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டரை நாள் வீதம் சம்பளத்தோடு விடுமுறையும் உண்டு. அது வருஷத்துக்கு முப்பது நாள். அதைக் கழித்தால் பதினொரு மாதமே உச்சம். அப்படியிருக்க, ‘கம்பெனியின் விருப்பம்’ என்ற ஒரு வார்த்தையால் பன்னிரண்டைத் தொடுகிறார்கள்.

இந்த ஷரத்தில் எண்ணைவிட ‘யாருடைய விருப்பம்’ என்பதுதான் முக்கியம். ‘ஒன்பது மாதம், ஒரு மாதம் கூடவோ குறையவோ’ என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். மாற்று ஆள் வரும் துறைமுகத்துக்குக் கப்பல் போய்ச் சேர முன்பின் ஆகும் என்பதற்காக அது. அதில் பெரிய குற்றமில்லை. ஆனால் பத்துக்கு மேல் இரண்டு, அதுவும் ஒரு பக்கத்து இஷ்டம் என்றால் அது வேறு. பண்ணையார் ‘இந்த அறுப்பு முடியட்டும், அடுத்த நடவு முடியட்டும்’ என்று பண்ணையாளை நிறுத்திவைத்த கதை தென்னாற்காட்டில் வயதானவர்களுக்குத் தெரியும். நீட்டிப்பு இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால்தான் என்று திருத்தச் சொல்ல வேண்டும். அப்போதும் பதினொன்றைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது, ஊர் திரும்புதல்.

காலம் முடிந்தாலும், நோயோ காயமோ வந்து வேலை செய்ய முடியாமல் போனாலும், கப்பல் விற்கப்பட்டாலும், முதலாளி திவாலானாலும் மாலுமியை ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. இது உரிமை. இதற்காக முன்கூட்டியே தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது. சம்பளத்திலும் பிடிக்கக் கூடாது. பெரிய கடமைத் தவறு செய்ததாகச் சட்டப்படியோ கூட்டு ஒப்பந்தப்படியோ தீர்மானிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு.

பையனின் காகிதத்தில் என்ன இருந்தது? ‘எந்தக் காரணத்தாலும் ஒப்பந்த காலத்துக்கு முன் இறங்கினால், தன் டிக்கெட்டுச் செலவையும், மாற்று ஆளின் டிக்கெட்டுச் செலவையும் மாலுமியே ஏற்க வேண்டும்.’ ‘எந்தக் காரணத்தாலும்’ என்ற இரண்டு வார்த்தைகளைப் பாருங்கள்! காரணமே இல்லாமல், நினைத்த இடத்தில் இறங்கிவிடுகிறவனுக்கு டிக்கெட்டு தர மறுக்கலாம், அது தகராறில்லை. ஆனால் கை முறிந்தவன், தாய் இறந்த செய்தி கேட்டவன், சம்பளம் வராதவன் எல்லோரும் ‘எந்தக் காரணம்’ என்பதற்குள் அடங்கிவிடுகிறார்களே! நியாயமான காரணத்துக்காக மாலுமி ஒப்பந்தத்தை முடித்தாலும் முதலாளி செலவில் ஊர் திரும்பலாம் என்பதே உடன்படிக்கை. முன்னறிவிப்பு நாட்களும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அது ஏழு நாளுக்குக் குறையக் கூடாது. வீட்டில் சாவு போன்ற அவசரத்துக்கு அதைவிடக் குறைந்த அறிவிப்பிலும் தண்டனையில்லாமல் இறங்க வழி உண்டு.

‘ஊர்’ என்றால் எது? காகிதத்தில் ‘மும்பை’ என்று போட்டிருந்தது. பையனை மும்பை விமான நிலையத்தில் இறக்கிவிட்டால் கம்பெனியின் கடமை தீர்ந்தது! அங்கிருந்து திண்டிவனம் வரை அவன் பாடு. ஊர் திரும்பும் இடத்தைத் தொழிலாளி பேசி எழுதிக்கொள்ளலாம். சென்னை என்றாவது எழுதக் கேட்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். காலில் மாவுக்கட்டோடு வருகிறவனுக்கு இது சின்ன விஷயமல்ல.

முதலாளி கப்பலையும் தொழிலாளியையும் நடுக்கடலில் விட்டுவிட்டு ஓடிப்போனால்? நடக்காதது அல்ல. 2021 ஜனவரியில் ஐக்கிய அரபு எமிரேட்டுகளின் உம் அல் குவைன் கடற்கரையில் ‘எம்.டி. ஐபா’ என்ற எண்ணெய்க் கப்பல் கரை தட்டி நின்றது. அதில் ஐந்து தொழிலாளிகள்; இந்தியர், பாகிஸ்தானியர், பர்மியர். முதலாளி கடனில் மூழ்க, இவர்கள் ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் அந்தக் கப்பலிலேயே கிடந்தார்கள். ஏன் இறங்கிப் போகவில்லை என்று கேட்கலாம். இறங்கிவிட்டால் சம்பளப் பாக்கி போய்விடும் என்ற பயம்தான். 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 தொழிலாளிகள் இப்படிக் கைவிடப்பட்டார்கள் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குச் சொன்னது. அவர்களில் இந்தியர்களே அதிகம்.

இதற்கு ஒரு கவசம் 2017 ஜனவரி முதல் உண்டு. இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றாலே, முதலாளி உறவை அறுத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அப்போது கப்பலுக்கு எடுக்கப்பட்ட இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்று ஊருக்கு அனுப்ப வேண்டும். சாப்பாடு, தண்ணீர் கொடுக்க வேண்டும். நாலு மாதச் சம்பளம் வரை பாக்கியைத் தர வேண்டும். அந்த இன்ஷூரன்ஸ் சர்டிபிகேட்டைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டும். நாலு மாதம் வரைதான் என்பதைக் கவனியுங்கள். பத்து மாதம் பொறுத்திருந்துவிட்டுப் புகார் சொன்னால் மீதி ஆறு மாதம் இன்ஷூரன்ஸில் வராது. அதற்குக் கோர்ட்டுதான் வழி. ஆகவே இரண்டாம் மாதம் சம்பளம் தவறினால் அன்றே எழுத்தில் புகார் செய்ய வேண்டும். கப்பல் எந்தக் கொடியின் கீழ் ஓடுகிறது என்பதையும் ஏறுமுன் கேட்க வேண்டும். உடன்படிக்கையை ஏற்காத தேசத்தின் கொடியானால் இந்தக் கவசம் வெறும் காகிதம்.

நாலாவது, காயமும் நஷ்டஈடும். தகப்பனார் இதைக் கேட்கத் தயங்கினார். மகன் பயணம் புறப்படும்போது அபசகுனமாகப் பேச யாருக்கு மனம் வரும்? ஆனால் முதலாளி தயங்கவில்லை. தனக்குச் சாதகமாக எழுதிவைத்திருக்கிறான்.

‘காயத்துக்கும் மரணத்துக்கும் கம்பெனி விதிகளின்படி நஷ்டஈடு வழங்கப்படும்.’ இவ்வளவுதான் ஷரத்து. தொகை இல்லை. அந்த விதிகள் எங்கே? இணைக்கப்படவில்லை. நல்ல ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் இருக்கும். உயிர் போனால் வாரிசுக்கு எவ்வளவு. முழு ஊனத்துக்கு எவ்வளவு. கையோ கண்ணோ விரலோ போனால் முழுத் தொகையில் நூற்றுக்கு எத்தனை பங்கு. இந்தப் பட்டியல் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கும். இல்லாத ஒப்பந்தம், அளவு சொல்லாமல் கூலி பேசுவதற்குச் சமம்.

பணம் வருமுன் வைத்தியம். கப்பல் வேலையில் வந்த நோய்க்கும் காயத்துக்கும் வைத்தியம், மருந்து, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் முதலாளி செலவு. கப்பலில் இருக்கும்வரை, அல்லது ஊர் வந்து சேரும்வரை முழுச் சம்பளம். அதன் பிறகு? குணமாகும்வரை முழுதாகவோ பகுதியாகவோ சம்பளம்; ஆனால் பதினாறு வாரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சட்டம் இடம் தரலாம். இந்த ‘பகுதியாக’ என்ற இடத்தில்தான் 450 வந்து நிற்கிறது! பையனின் காகிதத்தில் ‘கரையிறங்கிய பின் அடிப்படைச் சம்பளம் மட்டும்’ என்று இருந்தது. வீட்டில் படுத்திருக்கும் நாலு மாதமும் அவனுக்கு 1,100 வராது; மாதம் 450-தான். 690 என்று முதலிலேயே அடித்துப் பேசியிருந்தால் 690. அடிப்படைச் சம்பளத்தை நாங்கள் ஏன் அவ்வளவு நேரம் பேசினோம் என்பது இப்போது தகப்பனாருக்குப் புரிந்தது.

நஷ்டஈடு மறுக்க முதலாளிக்குச் சில வாசல்கள் உண்டு. கப்பல் வேலையில் இல்லாதபோது பட்ட காயம், வேண்டுமென்றே செய்த தவறு, வேலையில் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய் ஆகியவை அந்த வாசல்கள். கடைசி வாசலை நாமே திறந்துவிடுகிறோம். வைத்தியப் பரிசோதனையில் பழைய காயத்தை, சர்க்கரையை மறைத்தால் வேலை கிடைக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வேலை கிடைக்கும், பிறகு நஷ்டஈடு கிடைக்காது.

காயம் பட்டால் செய்ய வேண்டியது: அன்றே கப்பலின் அதிகாரப்பூர்வமான பதிவேட்டில் எழுதச் சொல், எழுதிய பக்கத்தைப் போட்டோ எடு, உடனிருந்தவர்களின் பெயரைக் குறி, கரையில் பார்த்த டாக்டரின் ரிப்போர்ட்டை வாங்கு. இறங்கும் காகிதத்தில் ‘ஒப்பந்தம் முடிந்து இறங்கினார்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதே. ‘வைத்திய காரணத்தால் இறங்கினார்’ என்று எழுதச் சொல். அந்த ஒரு வரியில்தான் பின்னால் வழக்கே நிற்கும். ‘இதைப் பெற்றுக்கொண்டு எல்லாக் கோரிக்கையையும் விட்டுவிட்டேன்’ என்ற ரசீதை நீட்டினால் ஒதுங்கு. ஒப்பந்தத்தில் சொன்ன தொகைக்குக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி நெருக்கக் கூடாது என்று உடன்படிக்கையே சொல்கிறது. ஒப்பந்தத் தொகையைப் பெற்ற பின்னும், முதலாளியின் கவனக்குறைவுக்காகத் தனியே வழக்காடும் உரிமை போகாது.

நிற்க. ஏழு பக்கத்தையும் புரட்டிய பிறகு, அதில் இல்லாத ஒன்றைப் பையனே கண்டுபிடித்தான். கப்பல் முதலாளியின் பெயரும் விலாசமும் எங்கேயும் இல்லை! ‘முதலாளிக்காக’ என்று ஏஜெண்டின் முத்திரை மட்டும். யாரிடம் வேலை செய்கிறோம் என்றே தெரியாமல் எங்கே போய்ப் பாக்கி கேட்பது? முதலாளியின் பெயரும் விலாசமும் ஒப்பந்தத்தில் இருந்தே தீர வேண்டும்.

பிறகு ஏஜெண்டின் லைசென்ஸ் நம்பரைத் தேடினோம். மாலுமிகளைச் சேர்க்கும் ஏஜெண்டுகளுக்குக் கப்பல் துறை இயக்குநரகம் லைசென்ஸ் வழங்குகிறது. அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். இந்த ஏஜெண்டின் பெயர் அதில் இல்லை. அந்த மூன்று லட்சம்? வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் ஏஜெண்டு ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. வைத்திய சர்டிபிகேட், மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே தொழிலாளியுடையது. விசா செலவுகூட முதலாளியுடையது.

மறுநாள் பையன் ஏஜெண்டுக்குப் போன் செய்தான். அடிப்படைச் சம்பளம், நீட்டிப்பு, ஊர் திரும்பும் இடம், நஷ்டஈட்டுப் பட்டியல், முதலாளியின் விலாசம் ஆகிய ஐந்தையும் கேட்டான். “உன் மாதிரி நூறு பேர் காத்திருக்கான். இஷ்டமிருந்தால் போடு” என்று பதில் வந்தது. பையன் கையெழுத்துப் போடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்கள். பணம் இன்னும் வரவில்லை. அடகுத் தோடு கடையில்தான் இருக்கிறது.

அந்த ஏஜெண்டு சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. அதை நாம் மறுக்க வேண்டாம். நூறு பேர் காத்திருக்கிறார்கள். தனித்தனியே காத்திருக்கும்வரை ஒருவன் மறுத்த காகிதத்தில் அடுத்தவன் கையெழுத்துப் போடுவான். 450 நிலைத்திருப்பது அதனால்தான். நூறு பேரும் அதே ஐந்து கேள்வியைக் கேட்டால் ஏஜெண்டு யாரிடம் போவான்?

ஆகவே நாம் சொல்வது இது. மாலுமி ஒப்பந்தத்தின் தமிழ் வடிவத்தையும் கையெழுத்துக்கு முன் கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் கட்டாயமாக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் பணம் வசூலிக்கும் ஏஜெண்டுகள் மீது போலீஸ் வழக்குப் போட வேண்டும். அதுவரை, கப்பலுக்குப் போகும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நமது வேண்டுகோள்: பசுவை விற்குமுன் காகிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். ஏழு பக்கத்தைப் படிக்க எங்களுக்கு ஒரு இரவு போதும்.